பிடாங் 60 என்றால் உண்மையில் எத்தனை அங்குலம்?

திருவிழாக் காலம் நெருங்கினால் ஜாசின், ஆலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான். “அக்கா, நம்ம உறுமி மேளக் குழுவுக்கு ஜிப்பா தைக்கணும். எத்தனை மீட்டர் துணி எடுக்கலாம்?” மீட்டரை மட்டும் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அகலத்தை. வசூல் செய்த கோவில் பணம் மிச்சமாவதும் பற்றாமல் போவதும் அந்த ஒரு அளவில்தான் இருக்கிறது.

மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா கடைகளில் சில்லறைக்கு எடுக்கலாம். பதினைந்து இருபது பேருக்கு ஒரே துணி என்றால் பலரும் கோலாலம்பூருக்கு, ஜாலான் மஸ்ஜிட் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் போகிறார்கள். அங்கே துணி ரோல் ரோலாக நிற்கும். சீட்டில் ‘பிடாங் 45’, ‘பிடாங் 60’ என்று இருக்கும். அது பேச்சுவழக்கு அளவு. டேப் வைத்துப் பார்த்தால் 45 என்பது பெரும்பாலும் 44 அங்குலமாகவும், 60 என்பது 58 அல்லது 56 ஆகவும் இருக்கும். இதில் இரு ஓரக் கரைகளுக்கும் அரை அரை அங்குலம் போய்விடும். அதைத் தைக்க முடியாது.

ஒரு ஜிப்பாவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குழுவில் பெரிய ஆளின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பு 42 அங்குலம், உயரம் 40, கை நீளம் 23. உட்கார்ந்து மேளம் அடிக்க மார்பில் 8 அங்குலம் தளர்வு வேண்டும். ஆக மொத்தம் 50. முன்பக்கம் 25, பின்பக்கம் 25. தையலுக்கு இரண்டு இரண்டு சேர்த்தால் ஒவ்வொன்றும் 27 அங்குல அகலம். உயரத்தில் தோள் தையலுக்கும் கீழ் மடிப்புக்கும் 3 சேர்த்து 43. கை ஒவ்வொன்றும் 20 அங்குல அகலம், மடிப்போடு 25 அங்குல நீளம்.

44 அங்குலத் துணியில் 27-ம் 27-ம் பக்கத்தில் பக்கம் உட்காராது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும். 43-ம் 43-ம் 86. கைகள் இரண்டும் பக்கத்தில் பக்கம் வரும், அதற்கு 25. மொத்தம் 111 அங்குலம், அதாவது 2.82 மீட்டர். 58 அங்குலத் துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தே 54 தான். ஒரே வரிசையில் அடங்கிவிடும். 43-ம் 25-ம் 68 அங்குலம், 1.73 மீட்டர் போதும். காலர், பட்டன் பட்டி, பைகள் எல்லாம் ஓரத்தில் மீதமாகும் துண்டில் வந்துவிடும்.

இனி சுருக்கம். பருத்தித் துணி முதல் துவைப்பிலேயே சுருங்கும். 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அகலம் குறைந்த துணியில் ஆளுக்கு 3 மீட்டரும், அகலத் துணியில் 1.9 மீட்டரும் எடுக்க வேண்டும். 15 பேருக்கு 45 மீட்டர், அல்லது 28.5 மீட்டர். மீட்டர் 9 வெள்ளிக்கு 44 அங்குலத் துணி, 12 வெள்ளிக்கு 58 அங்குலத் துணி என்று கடைக்காரர் காட்டினால் முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் முதலாவதற்கு 405 வெள்ளி, இரண்டாவதற்கு 342 வெள்ளி.

இந்தக் கணக்கு 58 என்பது உண்மையில் 58 ஆக இருந்தால்தான் நிற்கும். கரை போக 57. அதில் 5 விழுக்காடு சுருங்கினால் 54 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, சரியாகப் பொருந்தும். 56 அங்குலத் துணியாக இருந்தால் கரையும் சுருக்கமும் போக 52 தான் மிஞ்சும். முன்பக்கமும் பின்பக்கமும் அதில் சேர்ந்து அடங்காது. கைகளை அவற்றின் பக்கத்தில் வெட்டினாலும் ஆளுக்கு 2.3 மீட்டர் ஆகும். 12 வெள்ளி விலையில் 414 வெள்ளி. இரண்டு அங்குலத்தில் 72 வெள்ளி போகிறது. அதனால் கைப்பையில் ஒரு டேப் எப்போதும் இருக்கட்டும். ரோலை ஒரு சுற்று விரிக்கச் சொல்லி, கரைக்கு உள்ளே அளந்து பாருங்கள்.

அடுத்தது தரம். கையில் துணி மொடமொடப்பாக இருந்தால் அது கஞ்சியாக இருக்கலாம். ஒரு மூலையை இரண்டு கைகளாலும் பிடித்து நன்றாகக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்து துணி தளர்ந்துபோனால், கனம் நூலில் இல்லை, கஞ்சியில்தான். பிறகு ஒரு பிடி துணியை பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். அசல் பருத்தி சுருக்கம் விழுந்து அப்படியே நிற்கும். பாலியஸ்டர் மெல்ல விரிந்துவிடும். நெசவு நெருக்கமா என்று தெரிய, இரு கட்டைவிரல்களையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து எதிரெதிராகத் தள்ளுங்கள். நூல்கள் விலகி இடைவெளி தெரிந்தால், நாளை அக்குள் தையலிலும் அப்படித்தான் விலகும். கடைசியாக, ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். மஞ்சள் நீர் படும் திருவிழாவில் வெள்ளை வேட்டியோடு சிவப்பு ஜிப்பா போடப்போகிறவர்கள் இதை விடவே கூடாது.

விரலுக்கும் எல்லை உண்டு. மென்மையாக்கும் மருந்து போட்ட துணி கையில் பட்டுப்போல் வழுக்கும், இரண்டு துவைப்பில் சொரசொரப்பாகிவிடும். பருத்தியோடு பாலியஸ்டர் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்பதையும் விரல் சொல்லாது. அதற்காகத்தான் அரை மீட்டர் மட்டும் முதலில் வாங்கி வரச் சொல்கிறேன். வீட்டில் இரண்டு நூலை உருவித் தட்டில் வைத்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். இரண்டும் நடந்தால் கலப்பு. மிச்சத் துணியில் நீளவாக்கில் 40 சென்டிமீட்டர், அகலவாக்கில் 40 சென்டிமீட்டர் கோடு போட்டு, ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளங்கள். 38 ஆகியிருந்தால் 5 விழுக்காடு. அதற்கு மேல் குறைந்திருந்தால் மேலே சொன்ன கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். ஒன்று, மீட்டர் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழைய ஆட்கள் இன்னும் ஏலா கணக்கில் பேசுவார்கள். ஒரு ஏலா 91.44 சென்டிமீட்டர்தான். 30 ஏலா வாங்கினால் 27.4 மீட்டர், 28.5-க்கு ஒரு மீட்டருக்கு மேல் குறையும். கடைசி ஆளுக்கு முழு ஜிப்பா வராது. இரண்டு, மொத்தமும் ஒரே சாய லாட்டில் இருக்க வேண்டும். ஒரு ரோல் போதாமல் இரண்டாவதைப் பிரித்தால் சீட்டில் உள்ள லாட் எண்ணை ஒப்பிட்டு, இரண்டு துண்டையும் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று, ரோலுக்குள் ஒட்டு உண்டா என்று கேளுங்கள். கரையில் நூலோ ஸ்டிக்கரோ கட்டியிருந்தால் அந்த இடத்தில் நெசவுப் பிழை இருக்கிறது என்று பொருள். அந்த அளவுக்குக் கூடுதல் துணி கேட்பது நியாயம்தான்.

ஒரே டெய்லர் தைக்கிறார் என்றால் 28.5 மீட்டரையும் ஒரே நீளமாக வாங்கி, துவைத்த பிறகு அவரே வெட்டட்டும். ஆளுக்கு ஒரு டெய்லர் என்றால் தனித்தனியாக 2 மீட்டர் வெட்டச் சொல்லுங்கள். கடைக் கத்தரி கொஞ்சம் கோணலாகப் போனாலும் அந்தப் பத்து சென்டிமீட்டர் ஈடுகட்டும். அப்படி வாங்கினால் மொத்தம் 30 மீட்டர், 12 வெள்ளி விலையில் 360 வெள்ளி. அப்போதும் 45 மீட்டருக்குக் கொடுக்கும் 405-ஐ விடக் குறைவுதான்.