விருப்ப விலகல் கடிதத்தில் கையெழுத்திடுமுன்

தோட்ட நிர்வாகத்தார் இப்போதெல்லாம் "ஆளைக் குறைக்கிறோம்" என்று சொல்வதில்லை. ஆபிசுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தேநீரும் கொடுத்து, ஒரு கடிதத்தை நீட்டுகிறார்கள். அதன் தலைப்பில் வி.எஸ்.எஸ். என்று இருக்கும். விருப்பப் பணி விலகல் திட்டம் என்பது அதன் பொருள். விருப்பம் யாருடையது என்பதுதான் கேள்வி.

இத்திட்டமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உடல் தளர்ந்தவருக்கும், பிள்ளைகள் பட்டணத்தில் வேலையாகி விட்டவருக்கும் நல்ல தொகை கிடைத்தால் போவது நியாயமே. ஆனால் அது நல்ல தொகைதானா என்று பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது.

1950-களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட போது, சட்டப்படி இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று கேட்க நம்மவர்களுக்கு இப்படியொரு விதி இல்லை. 1980-ஆம் ஆண்டின் பணி முடிப்புச் சலுகை விதிகள் தீபகற்ப மலேசியாவில் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. நிர்வாகம் தானாக ஆளை நிறுத்தினால், ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள். அதற்கும் குறைவென்றால் 10 நாள். ஒரு நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரி. இதைத் தவிர, ஐந்தாண்டு கடந்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான சம்பளம் உண்டு.

இனி ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வயது 54, சேவை 24 ஆண்டு. கடைசி 12 மாதத்தில் செக்ரோல்படி பெற்ற சம்பளம் 21,900 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். மாதச் சராசரி 1,825 வெள்ளி. குறைவாக வரும் கணக்கையே எடுத்து, 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 60 வெள்ளி. 20 நாளுக்கு 1,200 வெள்ளி, 24 ஆண்டுக்கு 28,800 வெள்ளி. எட்டு வாரத்துக்கு 3,360 வெள்ளி. ஆக மொத்தம் 32,160 வெள்ளி.

நிர்வாகத்தின் கடிதம் என்ன சொல்லும்? "சேவை ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அத்துடன் நன்றித் தொகை 3,000 வெள்ளி" என்று சொல்லும். கேட்க இனிமைதான். ஆனால் அரை மாதம் என்பது 912 வெள்ளி 50 காசு. 24 ஆண்டுக்கு 21,900 வெள்ளி. நன்றித் தொகையும் சேர்த்து 24,900 வெள்ளி. நிர்வாகமே வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் கொடுக்க வேண்டியதை விட 7,260 வெள்ளி குறைவு! "விருப்பம்" என்ற ஒரு சொல்லுக்கு இத்தொழிலாளி கொடுத்த விலை அது. தானாக வேலையை விட்டவருக்குச் சட்டப்படியான 20 நாள் கணக்கு கிடையாது என்பதால், அந்தச் சொல்லைச் சேர்ப்பதில் நிர்வாகத்துக்கு இலாபம் இருக்கிறது. ஆகையால் 20 நாள் கணக்கும் முன்னறிவிப்புச் சம்பளமும் சேர்ந்த தொகைக்கு மேலே எவ்வளவு தருகிறார்கள் என்பதை மட்டுமே சலுகையாக எண்ண வேண்டும்.

சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இங்கேதான் பலன். இலையுதிர் காலத்திலும் மழை மாதங்களிலும் பால் குறையும், சம்பளமும் குறையும். அந்த மாதங்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டிருந்தால் தொகை சுருங்கி விடும். பன்னிரண்டு மாதமும் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"இப்போது போகாவிட்டால் பிறகு இதுவும் கிடையாது" என்று கங்காணி மூலம் சொல்லி அனுப்புவார்கள். இது பெரும்பாலும் வெறும் மிரட்டல். பிறகு ஆட்குறைப்பு வந்தால் மேற்சொன்ன விதி நமக்குத் துணை. மேலும் வேலைச் சட்டத்தின் 60N பிரிவின்படி, அதே வேலையைச் செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளரை முதலில் நிறுத்தாமல் உள்நாட்டுத் தொழிலாளியை ஆட்குறைப்பு என்று நிறுத்த முடியாது. இன்று வெளிநாட்டுத் தோழர்கள் இல்லாத தோட்டம் எது? அவர்கள் மீது நமக்குப் பகையில்லை; சட்டம் இப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தோட்டம் கைமாறினாலும், புதிய முதலாளி ஏழு நாட்களுக்குள் குறையாத நிபந்தனையில் வேலை தராவிட்டால், பழைய முதலாளி நம்மை நிறுத்தியதாகவே விதி கருதும். அப்போதும் பணம் உண்டு.

அடுத்தது கடிதத்தின் வாசகம். "நான் என் சொந்தக் காரணங்களால் ராஜினாமா செய்கிறேன்" என்று ஒரு தாளை வி.எஸ்.எஸ். கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அதில் கையெழுத்து வேண்டாம். சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-இல் தொடங்கியது. வி.எஸ்.எஸ். மூலம் போனவரை வேலை இழந்தவராக அத்திட்டம் ஏற்கும். ராஜினாமா செய்தவரை ஏற்காது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அப்புறம் 50, 40, 40, 30, 30 என்று, சந்தா போதுமானால் ஆறு மாதம் வரை வேலை தேடும் உதவித் தொகை தருவார்கள். நம் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இது சுமார் 4,900 வெள்ளி. ஒரு தாளில் போட்ட கையெழுத்து இதையும் போக்கி விடும். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோட்ட வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். வெளியே மாதம் 700 வெள்ளி வாடகை என்றாலும், 24,900 வெள்ளியும் மூன்று ஆண்டு முடியுமுன் வாடகையிலேயே கரைந்து விடும். அதே தொழிலாளி சட்டப்படியான ஓய்வு வயதாகிய 60 வரை வேலை செய்தால், ஆறு ஆண்டில் சம்பளமாக மட்டும் 1,31,400 வெள்ளி பெறுவார். முதலாளி கட்டும் சேமநிதியும் சேரும், வீடும் இருக்கும். விலகல் தொகைக்குச் சேமநிதி கட்டுவதில்லை. 55 வயதில் சேமநிதியை எடுக்கலாம் என்ற எண்ணத்தில் 54-இல் போகிறவர், இடைப்பட்ட ஓராண்டு எதைத் தின்பது என்றும் கணக்கிட வேண்டும்.

எனவே, வீட்டைக் காலி செய்ய எத்தனை மாதம் தவணை என்பதைக் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும். பள்ளி ஆண்டு நடுவே குழந்தைகளோடு சாமான் தூக்கும்படி ஆகிவிடக் கூடாது. "வீட்டைக் காலி செய்த பின்னரே பணம்" என்ற வாசகம் இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். சட்டப்படியான பணி முடிப்புப் பணத்தை வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்லும் போது, விருப்பப் பணத்துக்கு மட்டும் தாமதம் ஏன்?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்பட்டவருக்கு மேற்சொன்ன 20 நாள் விதி பொருந்தாது. அவர்கள் தங்கள் கூட்டு ஒப்பந்தத்தையும் நியமனக் கடிதத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் எழுதியிருப்பதே அவர்களுக்கு அளவுகோல்.

ஆளை நிறுத்தினாலும் வி.எஸ்.எஸ். கொடுத்தாலும், நிர்வாகம் 30 நாளுக்கு முன்னரே தொழிலாளர் இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாயிற்றா என்று துரையிடமே கேட்கலாம், கேட்பது குற்றமல்ல. "இனி எவ்வித உரிமையும் கோர மாட்டேன்" என்ற கடைசி வரியைக் கூர்ந்து பாருங்கள். கொடுக்காத விடுமுறைச் சம்பளமும், பாக்கியுள்ள வேறெந்தப் பணமும் அந்த வரியோடு போய் விடும். கடிதத்தை வாங்கிய அன்றே கையெழுத்துக் கேட்டால், "இரண்டு நாள் தாருங்கள்" என்று சொல்லி, கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகளோடு கடிதத்தைச் சங்கக் கிளைக்கு எடுத்து வாருங்கள்.