மசோதா சட்டமாவது எப்படி? நான்கு மதிப்பெண், நான்கு முடிவுகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் குடிமையியல் படிக்கும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். ஆசிரியர் நண்பர்கள் கட்டாயம் படியுங்கள்.

"ஒரு மசோதா எவ்வாறு சட்டமாகிறது?" என்பது வகுப்புத் தேர்வில் தவறாமல் வருகிற நான்கு மதிப்பெண் கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் எழுதும் விடை இதுதான்: "முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு, மறு அவை, குடியரசுத் தலைவர் ஒப்புதல். பிறகு சட்டமாகிறது." பேருந்து நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சொல்வது போல இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்து நின்றேபோகலாம் என்பது அந்த விடையில் இருக்காது. திருத்துபவரும் நான்கு பெயர் இருக்கிறதா என்று பார்த்து நான்கு மதிப்பெண் போட்டுவிடுவார்.

என் கருத்து இதுதான். அந்த நான்கு மதிப்பெண்ணை நான்கு பெயர்களுக்குக் கொடுக்கக் கூடாது, நான்கு முடிவுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் முடிவு எடுக்கிறார்கள், அவர்கள் "வேண்டாம்" என்றால் மசோதா என்ன ஆகும் என்பதைப் பிள்ளை எழுத வேண்டும். அதை எழுதத் தெரிந்த பிள்ளைதான் பாடத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை.

இதை ஓர் உண்மையான மசோதாவை வைத்தே பார்ப்போம். நம் பள்ளிக்கூடத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மசோதா 2008 டிசம்பர் 15 அன்று மாநிலங்களவையில் அறிமுகம் ஆனது. இதுதான் முதல் வாசிப்பு. "வாசிப்பு" என்றதும் யாரோ எழுந்து நின்று முழு மசோதாவையும் படிப்பார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அறிமுகம் செய்ய அவையிடம் அனுமதி கேட்பார்கள், அவை சரி என்றால் மசோதா அவையின் முன் வந்துவிடும். வழக்கமாக இந்தக் கட்டத்தில் விவாதம் கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண மசோதாவை எந்த அவையிலும் முதலில் கொண்டுவரலாம். பண மசோதாவுக்கு மக்களவையில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. "மசோதா முதலில் மக்களவையில் அறிமுகமாகிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது தவறு. இந்தச் சட்டமே அதற்குச் சாட்சி.

அறிமுகமான பிறகு மசோதா மனிதவள மேம்பாட்டுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. குழு 2009 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. குழு சொல்வது பரிந்துரைதான். அரசு அதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். எல்லா மசோதாவும் குழுவுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்த நேரத்தில் ஒன்று நடந்தது. பொதுத் தேர்தல் வந்து, 2009 மே மாதத்தில் பழைய மக்களவை கலைக்கப்பட்டது. அப்போது மக்களவையில் தொங்கிக்கொண்டிருந்த மசோதாக்கள் எல்லாம் அதோடு காலாவதி ஆகிவிட்டன. கல்வி உரிமை மசோதா மட்டும் ஏன் பிழைத்தது? அது மாநிலங்களவையில் நிலுவையில் இருந்தது. மாநிலங்களவை கலைக்கப்படாத அவை. மக்களவை இன்னும் நிறைவேற்றாமல், மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதா மக்களவை கலைந்தாலும் சாகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 107ஆவது உறுப்பு சொல்கிறது. எந்த அவையில் அறிமுகம் செய்கிறோம் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

புதிய மக்களவை வந்த பிறகு, 2009 ஜூலை 20 அன்று மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. இரண்டாம் வாசிப்பும் மூன்றாம் வாசிப்பும் இங்கேதான் வருகின்றன. உண்மையான வேலை இரண்டாம் வாசிப்பில்தான். முதலில் பொதுவாக விவாதிப்பார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவாக எடுத்து, யாராவது திருத்தம் கொடுத்திருந்தால் அதற்கு வாக்கெடுத்து, பிறகு அந்தப் பிரிவுக்கு வாக்கெடுப்பார்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லும் முதல் பிரிவைக் கடைசியில்தான் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள். மூன்றாம் வாசிப்பில் மசோதா முழுவதற்கும் "உண்டா, இல்லையா" என்பது மட்டும்தான் கேள்வி. அங்கே பெரிய திருத்தங்களுக்கு இடமில்லை.

அடுத்து மக்களவை. அங்கேயும் இதே மூன்று வாசிப்புகள். 2009 ஆகஸ்ட் 4 அன்று நிறைவேறியது. இங்கே இரண்டு அவைகளும் ஒத்துப்போனதால் சிக்கல் இல்லை. ஒத்துப்போகாவிட்டால்? மறு அவை நிராகரித்தாலோ, திருத்தங்களில் உடன்பாடு வராவிட்டாலோ, ஆறு மாதத்துக்கு மேல் நிறைவேற்றாமல் வைத்திருந்தாலோ குடியரசுத் தலைவர் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தை அழைக்கலாம். "அழைக்கலாம்" என்று எழுத வேண்டும், "அழைப்பார்" என்று எழுதக் கூடாது. 1961இல் வரதட்சணைத் தடுப்பு மசோதா, 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வாணையத்தை நீக்கும் மசோதா, 2002இல் பயங்கரவாதத் தடுப்பு மசோதா ஆகியவை இப்படிக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியவை. பண மசோதாவுக்கும் அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கும் கூட்டுக் கூட்டம் கிடையாது.

நான்காவது முடிவு குடியரசுத் தலைவருடையது. கல்வி உரிமை மசோதாவுக்கு 2009 ஆகஸ்ட் 26 அன்று ஒப்புதல் கிடைத்தது. அன்றுதான் மசோதா சட்டம் என்ற பெயரைப் பெற்றது. அந்த ஆண்டின் 35ஆவது சட்டம் அது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு சாரார் "குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்" என்று எழுதுவார்கள். இன்னொரு சாரார் "அவர் விரும்பினால் தடுத்துவிடலாம்" என்று எழுதுவார்கள். இரண்டுமே பாதிதான் சரி. 111ஆவது உறுப்பின்படி அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், பண மசோதாவாக இல்லாவிட்டால் மறுபரிசீலனைக்குத் திருப்பியும் அனுப்பலாம். திருப்பி அனுப்பியதை இரு அவைகளும் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், அதன்பின் ஒப்புதலை மறுக்க முடியாது. மாற்றம் செய்து அனுப்பினாலும் அப்படியே அனுப்பினாலும் இதுதான் விதி.

இதற்கு நம் அப்துல் கலாம் ஐயாவையே உதாரணம் காட்டலாம். 2006 மே மாதம் ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றி அவருக்கு அனுப்பியது. சில பதவிகளை வகிப்பதால் எம்.பி. பதவி பறிபோகாது என்று விலக்கு அளிக்கும் மசோதா அது. அவர் அதே மாதம் 30ஆம் தேதி அதைத் திருப்பி அனுப்பினார். ஜூலை இறுதியில் இரு அவைகளும் அதை மீண்டும் நிறைவேற்றின. ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டார். "பயந்துட்டாரா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "பயமில்லைப்பா, அரசமைப்புச் சட்டம் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதை அவர் முழுசாப் பயன்படுத்தினார். அதுக்கு மேல முடிவு நாடாளுமன்றத்தோடது" என்றேன்.

ஆனால் கையெழுத்தும் போடாமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டால்? 111ஆவது உறுப்பில் இத்தனை நாளுக்குள் என்று கெடு எதுவும் குறிப்பிடப்படவில்லை. 1986இல் நிறைவேறிய அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதாவை ஜெயில் சிங் அப்படித்தான் வைத்திருந்தார். அது சட்டமாகவே இல்லை.

சரி, ஒப்புதல் கிடைத்துவிட்டது. நான்கு மதிப்பெண் விடை இங்கே முடிகிறது. ஆனால் சாதாரண மனிதருக்குத் தேவையான விஷயம் இதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது.

2009இல் காலாண்டுத் தேர்வு சமயத்தில் ஒரு கொத்தனார் என்னிடம் வந்தார். தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று பேப்பரில் படித்திருக்கிறார். "சட்டம் வந்துடுச்சுன்னு போட்டிருக்கான் சார். அந்தப் பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டா இன்னும் வரலைங்கிறாங்க. யார் சார் பொய் சொல்றது?" என்று கேட்டார். யாருமே பொய் சொல்லவில்லை. சட்டம் பிறந்துவிட்டது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளிலிருந்து இது அமலுக்கு வரும் என்று அந்தச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த நாள் 2010 ஏப்ரல் 1. ஒப்புதலுக்கும் அமலுக்கும் இடையே ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அவர் கையில் உரிமை இல்லை, செய்தித்தாள் மட்டும்தான் இருந்தது.

ஏழு மாதம் என்பதே குறைவுதான். கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்கு 2002 டிசம்பரிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதுவும் அமலுக்கு வந்தது அதே 2010 ஏப்ரல் 1 அன்றுதான். ஏழு ஆண்டுகளுக்கு மேல் அது காகிதத்தில் இருந்தது. 2002இல் ஆறு வயதாக இருந்த பிள்ளை அதற்குள் எட்டாம் வகுப்பையே தாண்டிவிட்டது.

அதனால் ஒரு சட்டம் உங்களுக்குப் பயன்படுமா என்று தெரிய வேண்டுமானால் அதன் முதல் பக்கத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். தலைப்புக்குக் கீழே அடைப்புக்குள் இருக்கும் தேதி ஒப்புதல் கிடைத்த நாள். முதல் பிரிவு எப்போது அமலாகும் என்று சொல்லும். அங்கே "அறிவிக்கும் நாளில்" என்று இருந்தால் அந்த அறிவிப்பு வந்துவிட்டதா என்று தேட வேண்டும்.

இனி பிள்ளைகள் எழுத வேண்டிய விடை. என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு நான் எழுதிப் போட்டது இதுதான்:

"சாதாரண மசோதா நாடாளுமன்றத்தின் ஏதேனும் ஓர் அவையில் அறிமுகம் செய்யப்படுகிறது. குழு ஆய்வுக்கு அனுப்பப்படலாம். பின்னர் பிரிவு பிரிவாக விவாதித்து, முழு மசோதாவுக்கும் வாக்கெடுக்கப்படுகிறது, தோற்றால் அங்கேயே முடிந்துவிடும். நிறைவேறினால் மறு அவைக்குச் செல்கிறது. உடன்பாடு இல்லையெனில் கூட்டுக் கூட்டம் அழைக்கப்படலாம். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் சட்டமாகிறது. அவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம், மீண்டும் நிறைவேறினால் ஒப்புதலை மறுக்க முடியாது. சட்டம் குறிப்பிடும் அல்லது அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வருகிறது."

கடைசி வாக்கியம் தவிர மற்றவற்றுக்கு நான்கு மதிப்பெண். கடைசி வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனாலும் எழுதச் சொல்லுங்கள். கேள்வி மாநிலச் சட்டம் பற்றியது என்றால் விடை மாறும். தமிழ்நாட்டில் 1986 முதல் மேலவை இல்லை என்பதால் மறு அவை, கூட்டுக் கூட்டம் பற்றிய வாக்கியங்களே தேவையில்லை, குடியரசுத் தலைவரின் இடத்தில் ஆளுநர் வருவார். அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் நண்பர்களே, "முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு" என்று பெயர் மட்டும் எழுதிய பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் போடுங்கள். "இல்லையெனில்" என்ற சொல்லை எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம், பேசுவோம்.