ழகர ஆய்வும் முறைத் தேர்வும்: கீழ்பென்னாத்தூரை முன்வைத்து

தமிழ்த்துறைகளில் ஆய்வேட்டின் தலைப்பு முடிவானதும் வினாநிரல் அச்சேறிவிடுகிறது. அளவாய்வா, சோதனை ஆய்வா, நேர்வாய்வா என்ற தேர்வு தலைப்புக்குப் பின் வருவதன்று; தலைப்போடு சேர்ந்தே முடிவாக வேண்டியது என்பது என் கருத்து.

‘கீழ்பென்னாத்தூர் வட்டாரப் பேச்சில் ழகரம்’ என ஒரு மாணவர் தலைப்புக் கொணர்வதாகக் கொள்வோம். இதனுள் மூன்று வேறு வினாக்கள் மறைந்துள்ளன. முதலாவது, எத்தனை பேர் ழகரத்தை ஒலிக்கின்றனர் என்பது. இதற்கு அளவாய்வே உரியது. ஆனால் ‘நீங்கள் ழகரத்தைச் சரியாக ஒலிக்கிறீர்களா?’ என்று வினாநிரலில் கேட்டால், பேச்சைப் பற்றி அவர் கொண்டுள்ள எண்ணமே விடையாகக் கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

வில்லியம் லபாவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் இச்சிக்கலைக் கடந்த விதம் நினைக்கத்தக்கது. நான்காம் தளத்தில் இருப்பதாகத் தமக்கு முன்பே தெரிந்த ஒரு பொருள் எங்குள்ளது என்று ஊழியரிடம் கேட்டார். விடையான ஆங்கிலத் தொடரில் ரகரம் இருமுறை வரும். காதில் விழாதவர்போல் மீண்டும் கேட்டு, கவனத்துடன் கூறிய விடையையும் பெற்றார். பின்னர் மறைவாகச் சென்று குறித்துக்கொண்டார். இவ்வாறு 264 பேரின் பேச்சு கிடைத்தது.

நம் மாணவர் பழக்கடையில் வாழைப்பழத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்கலாம். ‘இது என்ன பழம்?’ என்று கேட்டுவிடக் கூடாது. கேட்பவரின் ழகரத்தை விடையளிப்பவர் எதிரொலிக்கக்கூடும். ஊர்ப்பெயரைச் சொல்லவைப்பதும் எளிதுதான். எனினும் ‘கீழ்பென்னாத்தூர்’ என்பதில் ழகரம் மெய்யாய்ப் பகரத்தின்முன் நிற்கிறது. ‘பழம்’ என்பதில் உயிர்களின் இடையே வருகிறது. இவ்விரு சூழல்களையும் ஒரே பட்டியலில் கூட்டினால் கணக்கு பிழைபடும். கடைத்தெருவில் கிடைத்தவர்கள் வட்டம் முழுமைக்கும் பதிலாளர் ஆகார் என்பதும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது வினா, ழகரம் ஒலிப்பவரைக் கேட்போர் கற்றவராக மதிக்கின்றனரா என்பது. இது காரணத்தைத் தேடும் வினா. ஆகவே சோதனை ஆய்வு வேண்டும். லாம்பர்ட்டும் உடனாய்வாளரும் மான்ட்ரியலில் நடத்தி 1960இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படித்த பதிவுகளை வெவ்வேறு ஆள்களின் குரல்கள் எனக் கருதிக் கேட்டோர் மதிப்பிட்டனர். அவ்வழியில் ஒரே குரல், ஒரே பனுவல், ஒலி மட்டும் வேறு என இரு பதிவுகள் செய்யலாம். யார் எதைக் கேட்பது என்பதைக் குலுக்கலே முடிவு செய்ய வேண்டும். கற்றோர் குழுவுக்கு ஒன்றும் முதியோர் குழுவுக்கு மற்றொன்றும் ஒலிபரப்பினால் வேறுபாடு ஒலியால் வந்ததா, கேட்டோரால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது.

மூன்றாவது, ழகரம் எவ்வாறு மாறுகிறது என்பது. பாட்டி, மகள், பெயர்த்தி மூவரின் பேச்சைத் திங்கள் கணக்கில் பதிந்தால், பள்ளிக்குச் செல்லும் பெயர்த்தி பாட்டியிடம் ஒருவாறும் ஆசிரியரிடம் வேறுவாறும் ஒலிக்கிறாளா என்பது புலப்படும். இதை எண்ணிக்கை காட்டாது.

ஒரு பருவத்துக்குரிய திட்டக்கட்டுரைக்கு நான் நேர்வாய்வையே பரிந்துரைப்பேன். அவ்வாறாயின் முதலில் மாற வேண்டியது தலைப்பு: ‘கீழ்பென்னாத்தூர்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைப் பேச்சில் ழகரம்’.