நாகஸ்வரத்தில் மேல் ‘சா’... கிளாரினெட்டில் மேல் ‘பா’! ஏன் இப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூரைச் சேர்ந்த நாகஸ்வர வித்வான் நடேசப் பிள்ளை. 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் நாகஸ்வரம் பயின்றது இவரிடம்தான். இரண்டுமே சீவாளி போன்ற நாக்கு வைத்து ஊதும் குழல்கள். ஆனால், நாகஸ்வரம் பழகிய விரல் கிளாரினெட்டில் தடுமாறும்.

புல்லாங்குழலிலும் நாகஸ்வரத்திலும் ‘சா’ வாசித்துவிட்டு, அதே விரலில் அழுத்தி ஊதினால் மேல் ‘சா’ வரும். கிளாரினெட்டிலோ, அதே விரலோடு கட்டை விரல் சாவியைத் திறந்தால் வருவது மேல் ஸ்தாயி ‘பா’!

திறந்த முனை, மூடிய முனை

குழலுக்குள் ஒலிப்பது காற்றுத் தூண். அதில் கிளம்பும் அழுத்த அலை, திறந்த முனையைத் தொட்டதும் தலைகீழாகித் திரும்பும். மூடிய முனையில் அப்படியே திரும்பும்.

புல்லாங்குழலின் ஒரு முனை அடைத்துத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அதை ஒட்டியுள்ள ஊதும் துளை திறந்திருப்பதால், அது இரண்டு பக்கமும் திறந்த குழல். ஒருமுறை போய் வந்தாலே அலை பழைய நிலைக்கு வந்துவிடும். கிளாரினெட்டில் நாக்கு இருக்கும் பக்கம் மூடிய முனை. அதனால் அலை இரண்டு முறை போய் வரவேண்டும். நேரம் இரட்டிப்பாவதால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும்.

60 செ.மீ. குழல் என்றால், திறந்த குழலின் அடி ஸ்வரம் விநாடிக்குச் சுமார் 288 அதிர்வு. ஒரு பக்கம் மூடியதில் 144தான்.

திறந்த குழலில் 2, 3, 4 என எல்லா மடங்குகளும் ஒலிக்கும். இரண்டு மடங்குதான் மேல் ‘சா’. ஒரு பக்கம் மூடிய குழலில் 3, 5 என ஒற்றைப்படை மடங்குகளே வலுவாக நிற்கும். மூன்று மடங்கு என்பது மேல் ‘பா’.

ஏன் அத்தனை சாவிகள்?

புல்லாங்குழலில் ஏழு ஸ்வரம் வந்தால் போதும், அடுத்த ஸ்தாயி அதே விரலில் கிடைத்துவிடும். கிளாரினெட்டில் ‘சா’ முதல் மேல் ‘மா’ வரை 11 ஸ்வரங்களுக்குத் தனித்தனி வழி வேண்டும். விரல்கள் போதாததால்தான் சாவிகள்.

நாகஸ்வரமும் நாக்குப் பக்கம் மூடியதுதானே? ஆம். ஆனால் கிளாரினெட் பெரும்பாலும் ஒரே அகலக் குழல்; நாகஸ்வரம் கீழே போகப்போக விரியும் கூம்பு. கூம்பில் எல்லா மடங்குகளும் வந்துவிடும்.

வீட்டில் ஒரு அடி பி.வி.சி. பைப் இருந்தால், ஒரு முனையை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். கையை எடுக்காமல் வைத்தால் தாழ்ந்த ஒலி. தட்டியதும் எடுத்தால் ஒரு ஸ்தாயி உயர்ந்த ஒலி. முதலாவது கிளாரினெட்டின் கதை, அடுத்தது புல்லாங்குழலின் கதை.