ஓரத்தில் அடித்தாலும் மையம் மெதுவாகாது



உராய்வே இல்லாத பனித்தளத்தில் கிடக்கும் கோலை ஒரு முனையில், கோலுக்குச் செங்குத்தாகச் சட்டென்று அடிக்கிறோம். அடியில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடும், அதனால் மையம் மெதுவாக நகரும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. கணக்கை ஆற்றலில் தொடங்குவதால் வரும் குழப்பம் இது. உந்தத்தில்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

சீரான கோல், நீளம் 1 மீட்டர், நிறை 2 கிலோ, கணத்தாக்கு 6 நியூட்டன் விநாடி என்போம். எங்கே அடித்தாலும் மையத்தின் வேகம் 6/2 = 3 மீ/வி. முனையில் அடித்தால் சுழற்சியும் சேரும். கோண உந்தம் 6 × 0.5 = 3. அதை நிலைமத் திருப்புத்திறனால் (ML²/12 = 1/6) வகுத்தால், விநாடிக்கு 18 ரேடியன்.

நடுவில் அடித்தால் இயக்க ஆற்றல் 9 ஜூல். முனையில் அடித்தால் 9 + 27 = 36. கூடுதல் 27 எங்கிருந்து வந்தது? அடித்த கையிலிருந்துதான். முனை 3 + 9 = 12 மீ/வி வேகத்தில் விலகி ஓடுகிறது. அதே விசையை அதே நேரம் கொடுக்க, கை 4 மடங்கு தூரம் துரத்தித் தள்ள வேண்டும்.

இப்போது பாடம் எடுப்பவர்களே, முதலில் மையம், பிறகு சுழற்சி, கடைசியில் ஆற்றல் என்று கேளுங்கள்.