கிறீம் பூசியது முகத்துக்கு, வெளுத்தது சுவர்

போன கிழமை எங்கட விடுதி வட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரப் படம் வந்தது. இடப்பக்கம் ஒரு பெண்ணின் முகம், கறுத்து, பருவும் தழும்புமாய். வலப்பக்கம் அதே பெண், “14 நாட்களின் பின்”. கீழே தொலைபேசி இலக்கமும் “டிலிவரி இலவசம்” என்ற வரியும். வழமையான விசயம்தான், கடந்து போயிருப்போம். ஆனால் பக்கத்து அறைத் தங்கச்சி ஒருத்தி இதே கிறீமை மூன்று மாதம் பூசினவள். நிப்பாட்டிய கிழமையே முகம் சிவந்து எரியத் தொடங்கி, இப்ப தோல் கிளினிக்குக்கு அலைகிறாள். ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மகாபொலக் காசில் வாங்கிய கிறீம்.

ஏன் நம்பினாய் என்று கேட்டோம். “அது எடிட் பண்ணின படம் இல்லை அக்கா, நான் பெருசாக்கிப் பாத்தனான்” என்றாள்.

அவள் சொன்னது சரியாக இருக்கலாம். எங்கட கோபமே அங்கேதான் தொடங்குகிறது. “ஃபில்டர் போட்டதா, எடிட் பண்ணினதா” என்று மட்டுமே கேட்கப் பழகிவிட்டோம். விற்கிறவர்களும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்கிறார்கள்: “நோ ஃபில்டர், ஒரிஜினல் போட்டோ”. இரண்டு படமும் தனித்தனியே ஒரிஜினலாக இருக்கலாம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் கிறீமை நிறுத்துகிற இடத்தில்தான் பொய் நடக்கிறது. அதைச் செய்ய எந்த அப்பும் தேவையில்லை.

தேவையில்லை என்பதை நாங்களே செய்து பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி, விடுதி அறை, ஒரு சாதாரண போன். எங்களில் ஒருத்தி முகம் கழுவாமல் யன்னலுக்கு முதுகு காட்டி, ரியூப் லைற்றுக்கு நேர் கீழே இருந்தாள். போனை முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் பிடித்து, நாடியைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்து, சிரிக்காமல் ஒரு படம். பிறகு முகம் கழுவி, யன்னலைப் பார்த்தபடி திரும்பி இருந்து, மடியில் ஒரு வெள்ளைப் பெட்சீற்றை விரித்தாள். போனை ஐந்து அடி தள்ளி மேசையில் நிறுத்தி, முகம் அதே அளவுக்கு வரும்வரை சூம் பண்ணி இரண்டாவது படம். இடையில் போனது 20 நிமிடம். இரண்டையும் ஒட்டி எங்கட பட்ச் குழுவில் போட்டோம். மூன்று பேர் என்ன கிறீம் என்று கேட்டார்கள், ஒருவர் நேராக விலையே கேட்டார். (உண்மையைச் சொன்ன பிறகு கொஞ்சம் ஏச்சும் விழுந்தது.)

மூன்று விசயம் மாறியது: தூரம், வெளிச்சம், இருப்பு. இதில் ஆட்கள் ஆகக் குறைவாகக் கவனிப்பது தூரத்தைத்தான். மூக்கு நுனியிலிருந்து காதுவரை ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் ஆழம் என்று வையுங்கோ. கமரா மூக்கிலிருந்து 30 சென்ரிமீற்றரில் இருந்தால் காது 42இல் இருக்கும். கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், மூக்கு காதைவிட 1.4 மடங்கு பெருத்துத் தெரியும். அதே கமராவை 150 சென்ரிமீற்றருக்குக் கொண்டுபோனால் காது 162இல், வித்தியாசம் வெறும் 1.08 மடங்கு. அதாவது காதோடு ஒப்பிட்டால் கிட்டத்துப் படத்தில் மூக்கு 30 வீதம்வரை பெரிது. முகத்தின் நடுப்பகுதி வீங்கி முன்னுக்கு வர, காது பின்னுக்குப் போய்க் கன்னத்துக்குள் ஒளிந்துவிடும். சூம் பண்ணுவது இந்த அளவுகளை மாற்றாது, நிற்கிற தூரம்தான் மாற்றும்.

இப்ப அந்த விளம்பரத்துக்கு வருவோம். இரண்டு படத்திலும் தலைமயிர் பின்னுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கு. இடப்பக்கத்தில் காதைக் காணவில்லை. வலப்பக்கத்தில் இரண்டு காதும், அதில் கிடக்கிற தோடும் முழுசாய்த் தெரியுது. “மூக்கு மெலிந்து முகம் ஒடுங்கியது” என்று கீழே எழுதியிருக்கிறார்கள். கமராக்காரர் எழும்பிப் பின்னுக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

வெளிச்சத்தையும் கண்டுபிடிக்கலாம். வெளிச்சம் மேலேயிருந்தோ பக்கவாட்டிலோ விழுந்தால் ஒவ்வொரு பருவுக்கும் குழிக்கும் ஒரு சின்ன நிழல் விழும். நாங்கள் “கரடுமுரடு” என்று பார்ப்பதில் பெரும்பகுதி அந்த நிழல்தான். யன்னல் வெளிச்சம் முன்னாலிருந்து பரவலாக வந்தால் அந்த நிழல்கள் நிரம்பிவிடும், தோல் வழவழப்பாகும். விளம்பரத்தின் இடப்பக்கத்தில் கண்குழியும் மூக்கின் கீழும் இருண்டு கிடக்குது. வலப்பக்கத்தில் கண்மணிக்குள் ஒரு வெள்ளைச் சதுரம் தெரியுது, அது யன்னல்.

நிறத்துக்கு இன்னும் லேசான வழி இருக்கு. கிறீம் பூசாத இடங்களைப் பாருங்கோ. கண்ணின் வெள்ளை விழிக்கு யாரும் கிறீம் பூசுவதில்லை, பல்லுக்கும் இல்லை. இந்தப் படத்தில் இடப்பக்கம் வெள்ளை விழி மஞ்சளாய், பின்னாலிருக்கிற சுவர் சாம்பலாய் இருக்கு. வலப்பக்கத்தில் இரண்டும் பளிச்சென்று வெளுத்திருக்கு. 14 நாளில் சுவரும் குணமாகியிருக்கிறது.

உடல் மெலியும் விளம்பரங்களில் இருப்புத்தான் அதிகம் வேலை செய்கிறது. “முன்” படத்தில் தோள் தொங்கும், வயிறு தள்ளும், இடுப்புப் பட்டி வயிற்றுக்குக் கீழே இறங்கியிருக்கும். “பின்” படத்தில் உடல் அரைவாசி திரும்பி, மூச்சு உள்ளே இழுபட்டு, பட்டி தொப்புளுக்கு மேலே ஏறியிருக்கும். கமராவின் உயரமும் மாறியிருக்கும். ஆண்கள் ஜிம் பவுடர் விளம்பரங்களிலும் இதே கூத்துத்தான்.

“விளம்பரம் பொய் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே, சும்மா பெரிசுபடுத்திறியள்” என்று எங்கட ஆண் நண்பர்கள் சிலர் சொன்னார்கள். இதற்கு அந்தத் தங்கச்சியின் போனையே பதிலாகக் காட்டலாம். அவள் தன் முகத்தைத் தானே கிழமைக்கு இரண்டு தரம் படம் எடுத்து வைத்திருக்கிறாள். முதல் படம் இரவு, கட்டிலில், மஞ்சள் பல்ப்பின் கீழே. பிறகு வந்தவை காலையில், யன்னலடியில். ஒவ்வொன்றிலும் வெளுத்துக்கொண்டே போகிறாள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இரண்டாவது ரியூப்பும் வாங்கியிருக்கிறாள். விளம்பரம் கற்றுக்கொடுத்த ஒப்பீட்டை அவள் தன்னிலேயே செய்து பார்த்து ஏமாந்திருக்கிறாள். படங்களில் தெரிந்த வெளுப்பில் கிறீமின் பங்கு எவ்வளவு, யன்னலின் பங்கு எவ்வளவு என்று இனிப் பிரிக்கவும் முடியாது.

நேர்மையாக எடுப்பது கடினமும் இல்லை. தோல் ஆராய்ச்சிக்குப் படம் எடுக்கிறவர்கள் நாடியை ஒரு தாங்கியில் வைத்து, ஒரே தூரம், ஒரே விளக்கு, ஒரே முகபாவம் என்று எடுக்கிறார்கள், பக்கத்தில் நிற அட்டையும் வைப்பதுண்டு. விடுதியில் என்றால் நிலத்தில் ஒரு சோக்குக் கோடு, ஒரே நேரம், கன்னத்தோடு ஒரு வெள்ளைக் கடதாசி போதும். இரண்டு படத்திலும் கடதாசி ஒரே வெள்ளையாகத் தெரிந்தால்தான் நிறத்தை ஒப்பிடலாம். அப்படி ஒழுங்காக எடுத்தும் தோல் வெளுத்திருந்தால்கூட, ரியூப்புக்குள் என்ன இருக்கு என்று படம் சொல்லாது. ஸ்டீரொயிட்டும் பாதரசமும் உண்மையிலேயே வெளுக்கப் பண்ணும். முகப்பூச்சில் பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டா உடன்படிக்கை வரைக்கும் போகவேண்டி வந்தது அதனால்தான்.

அந்தப் பக்கத்துக்குப் போய் ஒரு கொமென்ற் போட்டோம்: “முதல் படத்தில் காது எங்கே?” பத்து நிமிடத்தில் “நோ எடிட் சிஸ், 100% ஒரிஜினல்” என்று பதில் வந்தது. பின்னேரம் கொமென்ற்றும் இல்லை, எங்களில் இரண்டு பேருக்கு அந்தப் பக்கமும் திறபடவில்லை. மற்றவளுக்கு இன்னும் தெரிகிறது. நேற்று இரவு புதுசாய் ஒரு சோடி போட்டிருக்கிறார்கள், இந்த முறை ஒரு பெடியன். இடப்பக்கத்தில் காது இல்லை.