வாசலில் நிறுத்தப்பட்ட அம்மா

கிராமத்திலிருந்து இரவுப் பேருந்தில் கிளம்பி மகனைப் பார்க்க வந்த ஓர் அம்மாவை விடுதி வாயிற்காவலர் வெளியிலேயே நிறுத்திவிட்டார். "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தாளை எழுத உதவியவர்கள் நாங்கள்தான்.

அங்கே தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். சேரும் நாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு 28 பக்க விதிப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். அது பெட்டிக்கு அடியில் போய்விடும். எந்த விதியை மீறினோம் என்றே தெரியாமல் அபராதம் கட்டுகிறோம் என்று மாணவர்கள் எங்களிடம் வந்தார்கள். அடிக்கடி மீறப்படும் விதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டலாம் என்று காப்பாளரிடம் நாங்களே சொன்னோம்.

எவை அவை என்று அவரிடமே கேட்டது எங்கள் முதல் தவறு. ராத்திரியில் செல்போன் பாட்டு, தாமதம், வெளியாட்கள், தண்ணீர் காய்ச்சும் ராடு என்று மனதில் இருந்ததைச் சொன்னார். அம்மா நிறுத்தப்பட்ட பிறகுதான் அபராதப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டினோம். பாட்டுக்காக அபராதம் கட்டியவர் அநேகமாக யாருமில்லை. அதிகம் இருந்தது, ஊருக்குப் போகும்போது உணவு விடுப்பு எழுதாமல் போனது. முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் எழுதாவிட்டால் அவருக்கும் அரிசி போட்டுவிடுவார்கள். சாப்பிடாத சோற்றுக்குக் காசு, அதற்கு மேல் அபராதம். காப்பாளரை எரிச்சலூட்டியது ஒன்று, மாணவனின் பையைக் காலி செய்தது வேறொன்று.

பிறகு மாட்டியவர்களிடம் உட்கார்ந்து பேசினோம். 6 மணிக் கெடு பலருக்கும் தெரியவே தெரியாது. தாள் செய்யவேண்டிய வேலை இதுதான். அதைக் காலையில் தட்டுக் கழுவும் இடத்தில் ஒட்டச் சொன்னோம். அன்று ஊருக்குக் கிளம்புகிறவன் வாசலில் அதைப் படித்து என்ன பயன்? கெடு முந்தைய நாளே முடிந்துவிட்டது.

ராடு கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அறையில் இருப்பதோ விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும் போட்ட 6 ஆம்பியர் சாக்கெட். ஒயர் சூடாகிப் பிளாஸ்டிக் இளகும். காரணத்தை ஒரு வரியில் எழுதி, "வெந்நீர் காலை 6 மணிக்குச் சமையலறையில்" என்று சேர்த்தோம். அந்த வெந்நீரைத் தருவதாக காப்பாளர் ஒத்துக்கொண்ட பிறகுதான் எழுதினோம்.

இரவு 8 மணிக் கதவு வேறு கதை. நேரம் தெரியாதவர் ஒருவருமில்லை. பகுதி நேர வேலை முடித்து ஏறும் பேருந்து 8.20க்குத்தான் வந்து சேருகிறது. கைக்கொள்ளவே முடியாத விதியைப் பெரிய எழுத்தில் ஒட்டினால், "படித்தும் மீறினான்" என்று எழுத வசதியாக இருக்குமே தவிர வேறெதற்கும் ஆகாது. அந்த வரியை எடுத்துவிட்டு, நேரத்தை மாற்றக் கோரி மனு எழுதினோம்.

இப்போது அந்த அம்மா. புத்தகத்தில் அந்த விதி இரண்டு பகுதி. அறைகளில் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்பது முதல் பாதி. பெற்றோர், பாதுகாவலர் காப்பாளரிடம் சொல்லிவிட்டு, காலை 9 முதல் மாலை 6 வரை பார்வையாளர் அறையில் சந்திக்கலாம் என்பது அடுத்த பாதி. இடம் போதவில்லை என்று பின்பாதியை வெட்டியவர்கள் நாங்கள். "அறைகளில்" என்ற ஒரு சொல்லும் அதோடு போயிற்று. சுருக்கும்போது முதலில் விழுவது விலக்குதான். அந்த விலக்கில்தான் மாணவனின் உரிமை இருந்தது. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "வீட்டார் வந்தால் காலை 9 – மாலை 6, பார்வையாளர் அறை. காப்பாளரிடம் சொல்லுங்கள். அறைக்குள் மட்டும் அழைத்துச் செல்லக் கூடாது." ஓரத்தில் புத்தகத்தின் விதி எண்ணும் உண்டு. சந்தேகம் வந்தால் காவலரே புரட்டிப் பார்க்கலாம்.

தலைப்புக்கும் சண்டை போட்டோம். "மாணவர்கள் மீறும் விதிகள்" என்று இருந்தது. யார் உள்ளே வந்தாலும் நம் பிள்ளைகளைக் குற்றவாளிகளாகக் காட்டும் தலைப்பு. "அபராதம் வராமல் இருக்க" என்று மாற்றினோம். ராகிங் உதவி எண் 1800-180-5522ஐயும் சாதிப் பாகுபாடு பற்றி யாரிடம் புகார் செய்வது என்பதையும் இதிலேயே போடலாம் என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். அவை தனித் தாளில் இருக்கின்றன. அபராதம் பற்றிய வரிகளுக்கு நடுவே அவை கண்ணில் படாமல் போய்விடும்.

தாளில் இப்போது மூன்றே வரிகள். 8 மணிக் கதவைப் பற்றிய மனு இன்னும் காப்பாளர் மேசையில்தான் கிடக்கிறது.